மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமா, இல்லையா? ஒரு தாளில் கணக்கு எழுதிக் கண்டுபிடிப்பது எப்படி

பெண்கள் நலப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். அதிக உதிரப்போக்கு என்று வருபவர்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாத்துறீங்க?" என்பதுதான். பல வருடங்கள் நானும் அதையேதான் கேட்டேன். அந்தக் கேள்வி எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பது என் சொந்த அக்கா விஷயத்தில்தான் எனக்குப் புரிந்தது.

அக்காவுக்கு அப்போது 39 வயது. "அஞ்சு பேட் ஆகும், எல்லாருக்கும் ஆகுறதுதானே" என்றாள். நானும் விட்டுவிட்டேன். ஒரு நாள் அவள் வீட்டில் தங்கியபோது, நடு ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்து பேட் மாற்றிவிட்டு வந்து படுத்தாள். "எதுக்கு அலாரம்?" என்று கேட்டேன். "வைக்கலைன்னா மெத்தை போயிடும்" என்று சாதாரணமாகச் சொன்னாள். மாதத்தில் இரண்டு இரவு அப்படித்தானாம், நான்கு வருடமாக. அடுத்த மாதம் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து ஒவ்வொரு பேடையும் குறிக்கச் சொன்னேன். அந்தத் தாளை வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எது அளவு?

ஒரு மாதவிடாயில் ஒரு பெண் சராசரியாக 30 முதல் 40 மில்லி ரத்தம் இழக்கிறாள். 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று மருத்துவப் புத்தகங்கள் நெடுநாளாகச் சொல்லி வந்தன. 1960களில் சுவீடனில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த எண் அது. அந்த அளவைத் தாண்டியவர்களிடம் ரத்தசோகை கூடுதலாகத் தெரிந்தது என்பதே அதன் அடிப்படை.

80 மில்லி என்றால் ஏதோ கொஞ்சம் என்று தோன்றும். ஆனால் பேடில் விழுவது முழுக்க ரத்தம் இல்லை. கருப்பை உட்சுவரின் திசுவும் அங்கே ஊறும் நீரும் சேர்ந்தே வருகின்றன. பெரும்பாலும் ரத்தத்தின் பங்கு பாதியோ, அதற்கும் குறைவோதான். ஆகவே 80 மில்லி ரத்தம் போகும்போது வெளியே வரும் மொத்த திரவம் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல்கூட இருக்கலாம். மாதவிடாய் கப் பயன்படுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கப்பில் கோடு போட்டிருப்பதால் அளப்பது சுலபம்தான், ஆனால் அது காட்டுவது மொத்த திரவம். கப்பில் 90 மில்லி சேர்ந்தது, 80ஐத் தாண்டிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

இன்றைக்கு மருத்துவர்கள் மில்லி கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. உங்கள் அன்றாட வாழ்க்கையையோ உடலையோ மனதையோ பாதிக்கிற அளவுக்குப் போனால் அதுவே அதிகம், அதுவே சிகிச்சைக்குப் போதுமான காரணம். அக்காவின் அலாரம் ஒன்றே போதுமான பதில். அவளுக்கு அது பழகிப்போயிருந்ததால் பாதிப்பாகத் தெரியவில்லை. அதனால்தான் எழுதிப் பார்ப்பது நல்லது என்கிறேன்.

படி 1: தாளைத் தயார் செய்யுங்கள்

1990-ல் பிரிட்டனில் உருவான ஒரு படக் கணக்கு முறை இன்னும் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. எத்தனை பேட் என்பதோடு, கழற்றும்போது ஒவ்வொரு பேடும் எந்த நிலையில் இருந்தது என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு.

ஒரு தாளில் நாட்களை வரிசையாக எழுதி, பக்கத்தில் நான்கு கட்டம் போடுங்கள். லேசாகக் கறை பட்ட பேடுக்கு 1. ஓரளவு நனைந்ததற்கு 5. முழுக்க ஊறியதற்கு 20. டாம்பான் என்றால் இதே வரிசையில் 1, 5, 10. நான்காவது கட்டம் ரத்தக்கட்டிகளுக்கு: ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலமுள்ள சின்னக் கட்டிக்கு 1, 3 சென்டிமீட்டர் வரும் பெரிய கட்டிக்கு 5. கசிந்து துணியோ படுக்கையோ நனைந்தால் எண்ணில் சேர்க்காமல் ஓரத்தில் எழுதி வையுங்கள். ராத்திரி எழுந்ததையும் அங்கேயே குறியுங்கள்.

மாற்றிய உடனே குறிக்க வேண்டும், அதுதான் முக்கியம். ராத்திரி உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் எண் தப்பாகும். குளியலறைக் கதவின் உள்பக்கம் தாளை ஒட்டி, பக்கத்திலேயே பென்சிலைத் தொங்கவிட்டால் மறக்காது.

"முழுக்க ஊறியது" எது என்பதில்தான் எல்லாரும் குழம்புவார்கள். நடுவில் மட்டும் அடர்த்தியாக இருந்து ஓரம் வெள்ளையாக இருந்தால் அது ஓரளவுதான். முன்னிருந்து பின்வரை, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை சிவந்து, இனி தாங்காது என்ற நிலையில் கழற்றியதுதான் முழுசு.

படி 2: கூட்டிப் பாருங்கள்

அக்காவின் தாளில் இருந்தது இதுதான்.

முதல் நாள் லேசு 1, ஓரளவு 2. ஆக 11.
இரண்டாம் நாள் முழுசு 3, ஓரளவு 2, சின்னக் கட்டி ஒன்று, பெரிய கட்டி ஒன்று. ஆக 76.
மூன்றாம் நாள் முழுசு 3, ஓரளவு 2, பெரிய கட்டி ஒன்று. ஆக 75. ஓரத்தில் "ராத்திரி 2 மணி, படுக்கை" என்று எழுதியிருந்தாள்.
நான்காம் நாள் முழுசு 1, ஓரளவு 2. ஆக 30.
ஐந்தாம் நாள் ஓரளவு 2, லேசு 1. ஆக 11.
ஆறாம் நாள் லேசு 3. ஏழாம் நாள் லேசு 2.

மொத்தம் 24 பேட், மதிப்பெண் 208. இந்த முறையை உருவாக்கியவர்கள் 100க்கு மேல் போனால் 80 மில்லியைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். பிறகு வந்த சில ஆய்வாளர்கள் 150 என்ற எல்லையையும் வைத்தார்கள். அக்காவுடையது இரண்டையும் தாண்டியிருந்தது.

அதே 24 பேட் மாற்றுகிற இன்னொரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரம் பிடிக்காமல் அடிக்கடி மாற்றுகிறவர் அவர். முழுசு 1, ஓரளவு 9, லேசு 14. கூட்டினால் 79. பேட் எண்ணிக்கை ஒன்றுதான், மதிப்பெண்ணோ பாதியைவிடக் குறைவு. "எத்தனை பேட்?" என்ற கேள்வியில் இந்த இரண்டு பேரும் ஒரே மாதிரி தெரிவார்கள்.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை உண்டு. பேட் எல்லாம் ஒரே அளவு உறிஞ்சுவதில்லை. ராத்திரிக்கான நீளப் பேடில் 20 என்று போட்டால், உள்ளே இருப்பது சாதாரணப் பேடைவிட நிறைய இருக்கும். ஆகவே 95 வந்தால் பிரச்சினை இல்லை, 105 வந்தால் நோய் என்று படிக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம், முடிந்தவரை ஒரே வகைப் பேடில் குறித்துப் பார்த்தால் உங்கள் போக்கு தெளிவாகத் தெரியும்.

தாள் போட முடியாதவர்கள் இதையாவது கவனியுங்கள். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் பேட் ஊறிப்போகிறதா? இரண்டு பேடைச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறதா? ராத்திரி மாற்ற எழ வேண்டியிருக்கிறதா? இரண்டரை சென்டிமீட்டருக்குப் பெரிய கட்டிகள் விழுகின்றனவா? 8 நாளைத் தாண்டுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மருத்துவரிடம் பேசலாம்.

கட்டி விழுவதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று கேட்பார்கள். மாதவிடாய் ரத்தம் சாதாரணமாக உறையாமல் நீராகவே வெளிவரும். கருப்பையின் உட்சுவரில் சுரக்கும் பொருட்கள் உறையும் ரத்தத்தைக் கரைத்துவிடுகின்றன. வரத்து அவற்றின் திறனை மீறும்போது கரைக்க நேரம் போதாமல் கட்டி கட்டியாக விழுகிறது. ஆகவே எப்போதோ ஒரு சின்னக் கட்டி என்றால் கவலை வேண்டாம். பெரிய கட்டிகள் மாதாமாதம் வருவது வேகமான போக்கின் அடையாளம்.

படி 3: இரும்புச்சத்துக் கணக்கைப் பாருங்கள்

80 மில்லி என்ற எல்லை ஏன் என்பது இங்கேதான் புரியும். ஒரு மில்லி ரத்தத்தில் கிட்டத்தட்ட அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் போச்சு. இதற்கு மேல், தோலும் குடலும் உதிர்வதில் எல்லாருக்கும் தினம் 1 மில்லிகிராம் அளவு போகிறது, மாதத்துக்கு 30. ஆக மொத்தச் செலவு 70. வரவோ, சாப்பாட்டிலிருந்து உடல் உறிஞ்சிக்கொள்வது நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாதத்துக்கு 30 முதல் 60. எப்படிக் கூட்டினாலும் துண்டு விழும். விழுகிற துண்டைச் சேமிப்பிலிருந்து எடுத்து உடல் சமாளிக்கும்.

இந்தச் சேமிப்பைக் காட்டும் பரிசோதனை ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம். சேமிப்பு காலியான பிறகுதான் அது இறங்கத் தொடங்கும். கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் இருந்தால் ரத்தசோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 12.2 இருக்கிறது, எல்லாம் சரி என்று அனுப்பப்பட்ட பெண்ணின் ஃபெரிட்டின் 8 ஆக இருக்கலாம். ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். 30க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்று எடுத்துக்கொள்ளும் மருத்துவர்கள் நிறைய. உடலில் வீக்கமோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதால், காய்ச்சல் நேரத்தில் எடுத்த நல்ல எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

அக்காவுக்கு ஹீமோகுளோபின் 10.4, ஃபெரிட்டின் 6. மாடி ஏறினால் படபடப்பு, சீவினால் கொத்தாக முடி. ஃப்ரிட்ஜ் ஐஸ்கட்டியை எடுத்து நறநறவென்று மெல்லுவாள், "ஏதோ பிடிச்சிருக்கு" என்பாள். ஐஸ் மெல்லும் ஆசை இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். எனக்குத் தெரிந்த விஷயம்தான் அது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தும் எனக்குத் தோன்றவில்லை.

படி 4: போக்கின் வடிவத்தைப் படியுங்கள்

அளவு தெரிந்துவிட்டது. அடுத்து, ஏன்? இதற்கு ஸ்கேனுக்கு முன்பே பாதித் துப்பு உங்கள் நாட்காட்டியில் இருக்கிறது. முதல் கேள்வி: தேதி தவறாமல் வந்து அதிகமாகப் போகிறதா, தேதியே இல்லாமல் வந்து அதிகமாகப் போகிறதா?

தேதி தவறாமல் வருகிறது என்றால் கருமுட்டை பெரும்பாலும் ஒழுங்காக வெளியேறுகிறது என்று பொருள். அப்போது பார்வையைக் கருப்பையின் அமைப்புப் பக்கம் திருப்ப வேண்டும்.

மிகச் சாதாரணமாகக் காணப்படுவது நார்க்கட்டி, ஃபைப்ராய்டு என்று சொல்வார்களே அது. புற்றுநோய் இல்லை. இதில் அளவைவிட இடம்தான் முக்கியம். கருப்பைச் சுவரின் வெளிப்பக்கம் வளர்ந்த பெரிய கட்டி, சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி பாத்ரூம் போக வைக்குமே ஒழிய, ரத்தப்போக்கைப் பெரிதாகக் கூட்டாது. உள்ளறைக்குள் தலை நீட்டும் சின்னக் கட்டி மாதாமாதம் வெள்ளமாகப் போக வைக்கும். அக்காவின் ஸ்கேனில் இரண்டு இருந்தன. வெளிப்பக்கம் 5 சென்டிமீட்டர், உள்ளறையில் 2 சென்டிமீட்டர். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வீட்டில் எல்லாரும் 5 சென்டிமீட்டரைப் பார்த்துப் பயந்தார்கள். குற்றவாளி அந்த 2 சென்டிமீட்டர்தான். நார்க்கட்டி என்று சொன்னால், "எந்த இடத்தில் இருக்கிறது, உள்ளறைக்குள் வருகிறதா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

ரத்தப்போக்கோடு வலியும் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனால் அடினோமயோசிஸை நினைக்க வேண்டும். உட்சுவரின் திசு கருப்பையின் தசைக்குள் ஊடுருவிவிடும் நிலை இது. கருப்பை மொத்தமாகப் பருத்துக் கனக்கும். ஸ்கேனில் நார்க்கட்டி மாதிரி உருண்டையாகத் தெரியாது என்பதால் சில சமயம் கண்ணில் தப்பிவிடும்.

மாதவிடாய் முடிந்த பிறகு இடையிடையே திட்டுத்திட்டாகக் கறை படுகிறது என்றால் பாலிப் இருக்கலாம். உட்சுவரிலிருந்து காம்புபோல் தொங்கும் சிறு வளர்ச்சி அது. பெரும்பாலும் தீங்கற்றது.

தேதியே இல்லாமல், இரண்டு மூன்று மாதம் வராமலிருந்து வந்தால் நிற்காமல் போகிறது என்றால், கதை வேறு. கருமுட்டை வெளியேறாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் உட்சுவரைத் தடிமனாக வளர்த்துக்கொண்டே போகும். "போதும், உதிர்" என்று சொல்ல ஆளில்லை. கடைசியில் அது தன் கனத்திலேயே ஒழுங்கில்லாமல், அங்கங்கே பிய்ந்து நாட்கணக்கில் உதிரும். வயதுக்கு வந்த முதல் சில வருடங்களிலும், மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வருடங்களிலும் இது சகஜம். இதற்கு இடைப்பட்ட வயதில் என்றால் பிசிஓஎஸ், தைராய்டு இரண்டையும் பார்க்க வேண்டும். இப்படியே பல வருடம் விட்டால் உட்சுவர் தடித்து, சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய நிலைக்குப் போகும். "வராத மாதம் நிம்மதி" என்று விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே வெள்ளமாகப் போகிறதா? அப்படியானால் கருப்பையில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை, ரத்தம் உறையும் தன்மையில் இருக்கலாம். இதில் அதிகம் காணப்படுவது வான் வில்லிபிராண்ட் நோய், பரம்பரையாக வருவது. மூக்கில் ரத்தம் வந்தால் 10 நிமிடத்துக்கு மேல் நிற்காதது, பல் பிடுங்கிய இடத்தில் நெடுநேரம் கசிவது, இடித்த நினைவே இல்லாமல் உடம்பில் நீலத் திட்டுகள், பிரசவத்துக்குப் பிறகு அதிக ரத்தப்போக்கு, இவற்றில் சிலவும் கூட இருக்கலாம். இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. மகள் அம்மாவிடம் போய்ச் சொன்னால், "எனக்கும் இப்படித்தான், உன் பெரியம்மாவுக்கும் இப்படித்தான்" என்று ஆறுதல் சொல்வார்கள். நோயே பரம்பரை என்னும்போது வீட்டிலுள்ளவர்களோடு ஒப்பிட்டுச் சரியென்று முடிவு செய்வது எப்படி? அந்த வாக்கியத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். அது அவருக்குப் பெரிய துப்பு.

மருந்தும் கருத்தடைச் சாதனமும் காரணமாகலாம். காப்பர் டி போட்ட முதல் சில மாதங்களில் போக்கு கூடும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் போன்ற மாத்திரைகளும் கூட்டும். இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள்.

எல்லாம் பார்த்தும் காரணம் எதுவும் கிடைக்காதவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். உட்சுவரிலேயே ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபடும் வேலை மந்தமாக நடப்பது அதற்குக் காரணமாக இருக்கலாம். ஸ்கேன் சுத்தம் என்பதால் பிரச்சினையே இல்லை என்று ஆகிவிடாது. உறைந்த ரத்தம் கரைவதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், புரோஜெஸ்டின் வெளியிடும் கருப்பை சாதனம் போன்ற சிகிச்சைகள் இவர்களுக்கும் உண்டு.

படி 5: தாமதிக்கக் கூடாதவை

ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறிக்கொண்டிருந்தாலோ, தலைசுற்றல், மயக்கம், மூச்சு வாங்கல் சேர்ந்தாலோ, தாளை மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போங்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்து ரத்தம் போனாலும் அதே அவசரம்தான். தள்ளிப்போய் வந்த அதிக உதிரப்போக்கு மாதவிடாய்தான் என்று நினைத்துக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அது கருச்சிதைவாகவோ குழாயில் தங்கிய கர்ப்பமாகவோ இருக்கலாம்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு துளி வந்தாலும் காட்ட வேண்டும். உடலுறவுக்குப் பிறகு ரத்தம் வந்தாலும் அப்படியே. 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாகப் போக்கு மாறினால் உட்சுவரிலிருந்து சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். உடல் பருமனோ, பல வருட ஒழுங்கற்ற மாதவிடாயோ இருந்தால் அதற்கு முந்தைய வயதிலேயே கேட்பார்கள். அதற்கு மறுக்க வேண்டாம்.

படி 6: மருத்துவரிடம் என்ன கொண்டு போவது

தாளும், கடைசி மூன்று மாதவிடாய்த் தேதிகளும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களும் போதும். "ரொம்பப் போகுது" என்பதற்குப் பதில், "இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மூன்று மூன்று பேட் முழுக்க ஊறுகிறது, ராத்திரி எழுகிறேன், 208 வருகிறது" என்று சொல்லுங்கள். கர்ப்பப் பரிசோதனை, ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். ஃபெரிட்டின் சீட்டில் இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். தைராய்டும் உறைதல் சோதனைகளும் மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தால்தான். ஸ்கேனை மாதவிடாய் முடிந்த கையோடு எடுத்தால் நல்லது. அப்போது உட்சுவர் மெல்லிசாக இருக்கும், பாலிப் ஒளிந்துகொள்ள இடம் குறைவு.

அக்காவுக்குக் கருப்பைக்குள் கேமரா விட்டு அந்த 2 சென்டிமீட்டர் கட்டியை மட்டும் எடுத்தார்கள். வெளியே இருந்த 5 சென்டிமீட்டரைத் தொடவில்லை. மூன்றாம் மாதம் மறுபடி தாள் ஒட்டச் சொன்னேன். 62 வந்தது, ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. ஹீமோகுளோபின் அதற்குள் 12ஐத் தாண்டியதும், "இரும்பு மாத்திரையை நிறுத்திடலாம்ல?" என்று கேட்டாள். ஃபெரிட்டின் 19தான் ஆகியிருந்தது. சேமிப்பு நிரம்ப ஹீமோகுளோபின் சரியான பிறகும் ஏறக்குறைய மூன்று மாதம் இரும்பு மாத்திரை தொடர வேண்டும் என்று சொன்னேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் தட்டு இப்போது தொடாமல் கிடக்கிறது.